அரக்குப் பட்டைக் கடல் நிறமாக்க எந்த வழி?

தூத்துக்குடியில் கல்யாணப் பத்திரிகைக்கு முத்தும் கடலும் வேண்டும் என்று ஒரு வீட்டார் கேட்டால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்கே முத்துநகர் என்றுதான் பேர். மில்லர்புரத்து வீடு ஒன்றிலிருந்து இப்படி ஒரு வேலை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கார்டின் தளம் முத்து வெண்மை, எழுத்தும் ஓரத்து வேலைப்பாடும் பச்சை கலந்த கடல் நீலம், நடுவில் பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்கும் படம். பத்திரிகை கல்யாணத்துக்கு முன்பே அச்சாகிவிட வேண்டும் என்பதால் கையில் இருப்பது நிச்சயதார்த்தத்தன்று எடுத்த படம்தான். பெண் அரக்குச் சிவப்பில் சரிகை பார்டர் போட்ட பட்டு கட்டியிருக்கிறாள். மாப்பிள்ளை வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. முத்து வெண்மையின் மேல் அந்த அரக்கு தனியாகத் துருத்திக்கொண்டு தெரிகிறது. "அண்ணாச்சி, சேலையை மட்டும் கார்டு கலருக்கு மாத்தித் தந்திருங்க" என்கிறார்கள்.

இந்த ஒரு வரிக்குள் மூன்று நான்கு வேறு வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. எந்த வழியை எடுப்பது என்பதைத் தீர்மானிக்கப் பலரும் நிறத்தை மட்டும் பார்க்கிறார்கள். சிவப்பிலிருந்து நீலத்துக்குப் போக வேண்டும், அவ்வளவுதானே என்று நினைக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வெளிச்சத்தை. பழைய துணி எவ்வளவு இருட்டு, புதிய நிறம் எவ்வளவு வெளிச்சம், இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிட்டால் வழி பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

அதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். போட்டோஷாப்பில் சேலையின் நடுத்தரமான ஒரு பகுதியைத் தொட்டால், அரக்குப் பட்டு சிவப்பு 140, பச்சை 20, நீலம் 40 என்பதுபோல ஓர் எண்ணைக் காட்டும். கண்ணுக்கு எல்லா நிறமும் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரிவதில்லை. பச்சை அதிகமாகவும், சிவப்பு அதில் பாதியாகவும், நீலம் மிகக் குறைவாகவும் தெரியும். அதனால் வெளிச்ச அளவைக் கணக்கிட இந்தச் சூத்திரத்தை வைத்துக்கொள்ளலாம்:

```
0.30 R + 0.59 G + 0.11 B
```

அரக்குக்கு இது 58 வருகிறது. கார்டில் இருக்கும் கடல் நிறம் சிவப்பு 40, பச்சை 150, நீலம் 150 என்றால் அதற்கு 117. ஆக, கேட்பவர் "கலரை மாத்துங்க" என்று சொன்னாலும், உண்மையில் துணியின் வெளிச்சத்தை இரண்டு மடங்காக்கச் சொல்கிறார். வேலையின் சிரமம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

வெட்டுவதில் இரண்டு கோடுகள்

வழிகளுக்குள் போகும் முன் வெட்டுவதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நிறம் மாற்றிய படம் அசிங்கமாகத் தெரிந்தால் பாதிக்கு மேல் குற்றம் விளிம்பில்தான் இருக்கும்.

இங்கே தேவைப்படுவது இரண்டு மாஸ்க். ஒன்று, ஜோடியைப் பின்னணியிலிருந்து பிரிக்கும் வெளிமாஸ்க். மற்றொன்று, சேலையைத் தோலிலிருந்தும் நகையிலிருந்தும் பூவிலிருந்தும் பிரிக்கும் துணிமாஸ்க். பலர் ஒரே மாஸ்க்கை வைத்துக்கொண்டு இரண்டு வேலையையும் செய்யப் பார்ப்பார்கள். அப்போதுதான் புதிய நீலச் சேலையைச் சுற்றி ஒரு மெல்லிய செங்கோடு ஓடும்.

அந்தச் செங்கோடு எங்கிருந்து வருகிறது? JPEG படங்கள் இடத்தை மிச்சப்படுத்துவதற்காக வெளிச்சத்தின் விவரத்தை முழுதாக வைத்துக்கொண்டு, நிறத்தின் விவரத்தைக் குறைத்து வைக்கின்றன. பெரும்பாலும் அகலத்திலும் உயரத்திலும் பாதியாக. அதனால் சேலையின் வடிவம் எந்தப் புள்ளியில் முடிகிறதோ அங்கேயே அதன் சிவப்பு முடிவதில்லை. ஒன்றிரண்டு புள்ளி வெளியே கசிந்துதான் நிற்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வந்திருந்தால் படமே சிறியதாகிவிட்டிருப்பதால் இந்தக் கசிவு இன்னும் பெரிதாகத் தெரியும். எனவே போட்டோகிராபரிடமிருந்து மூலப் படத்தையே வாங்க வேண்டும். வாட்ஸ்அப்தான் வழி என்றால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்ல வேண்டும்.

கோடுகளை இப்படிப் போட வேண்டும். வெளிமாஸ்க்கை உருவத்தின் விளிம்பிலிருந்து ஒரு புள்ளி உள்ளே தள்ளி நிறுத்துங்கள். தோள், கை, சேலையின் வெளிவரை, வேட்டியின் மடிப்பு ஆகியவற்றுக்குப் பென் டூல்தான் சரி. படத்தை 200 சதவீதம் பெரிதாக்கி, வளைவு திரும்பும் இடங்களில் மட்டும் புள்ளி வைத்துப் போனால் கோடு நடுங்காது. தலைமுடிக்கும் மல்லிகைச் சரத்துக்கும் பென் டூல் கூடாது. வெட்டிய மாதிரி தெரிந்துவிடும். அந்த இடங்களில் Select and Mask திரையில் இருக்கும் Refine Edge பிரஷ்ஷால் மெல்ல ஓட்டினால் முடி தனித்தனியாகப் பிரிந்து வரும். தேவாலயத்துக் கல்யாணத்துக்கான படமாக இருந்து, பெண் தலையில் வலைத்துணி போட்டிருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. வலையின் ஊடே பழைய பின்னணி தெரியும். அந்த வலையை முழுதாக வெட்டியெடுக்க முயல்வதைவிட, மாஸ்க்கில் அந்தப் பகுதியைப் பாதி சாம்பலாக வைத்து, புதிய பின்னணி ஊடே தெரியும்படி செய்வது நல்லது.

துணிமாஸ்க் இதற்கு நேர்மாறு. சேலை பின்னணியைத் தொடும் இடத்தில் அது உருவத்தைத் தாண்டி இரண்டு மூன்று புள்ளி வெளியே வழியலாம், வழியவும் வேண்டும். வெளியே கசிந்த சிவப்பையும் சேர்த்து நிறம் மாற்றிவிடும், மிச்சத்தை வெளிமாஸ்க் நறுக்கிவிடும். இதற்காக ஜோடியின் லேயரையும் நிற லேயர்களையும் ஒரே குரூப்பில் போட்டு, குரூப்புக்கு வெளிமாஸ்க்கையும் உள்ளே இருக்கும் நிற லேயர்களுக்குத் துணிமாஸ்க்கையும் கொடுக்க வேண்டும். சேலை கையையோ கழுத்தையோ தொடும் இடத்தில் மட்டும் துணிமாஸ்க் துல்லியமாக இருக்க வேண்டும். அங்கே அரைப் புள்ளியிலிருந்து ஒரு புள்ளி வரை மென்மை போதும். அதற்கு மேல் போனால் தோலில் நீலம் ஏறும். எதையும் அழிப்பானால் அழிக்காதீர்கள். வீட்டார் நாளைக்கே வேறு நிறம் கேட்பார்கள், அப்போது மாஸ்க் அப்படியே உதவும்.

முதல் வழி: Hue சுழற்றுவது

எல்லோரும் முதலில் போவது Hue/Saturation லேயருக்குத்தான். நிறச் சக்கரத்தில் அரக்கு 350 டிகிரியில் இருக்கிறது, கடல் நிறம் 180-ல் இருக்கிறது. Hue-வை -170 க்கு நகர்த்தினால் வேலை முடிந்தது. இதில் ஒரு வியப்பும் இருக்கிறது. அரக்கின் 140, 20, 40 என்ற எண் 20, 140, 140 ஆகிவிடுகிறது. வெளிச்ச அளவு 58-லிருந்து 104-க்கு ஏறிவிட்டது. நாம் எதுவும் செய்யாமலேயே இலக்கான 117-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறோம். சிவப்பில் இருந்த வலுவெல்லாம் பச்சைக்கும் நீலத்துக்கும் மாறியதால் கண்ணுக்கு அது வெளிச்சமாகத் தெரிகிறது.

அவசர வேலைக்கு இது போதும். படம் நன்றாக எடுத்ததாக இருந்து, பட்டின் பளபளப்பு மிதமாக இருந்தால் நான்கூட இதோடு நிறுத்திக்கொள்வேன். ஆனால் பட்டு என்றாலே பளபளப்புதான். பிளாஷ் பட்ட மடிப்பில் அரக்கு 255, 90, 100 என்று வெளிறியிருக்கும். அதன் வெளிச்ச அளவு சுமார் 140. அதே சுழற்சியில் அது 90, 237, 255 ஆகி வெளிச்ச அளவு 195-ஐத் தொடுகிறது. பட்டின் மினுமினுப்பு பிளாஸ்டிக் தாளின் பளீர் ஆகிவிடும். மடிப்பின் முகடுகளில் மட்டும் மின்சாரம் பாய்ந்த மாதிரி ஒரு நீலம் தெரிந்தால் இதுதான் காரணம்.

இரண்டாவது கோளாறு கொஞ்சம் உள்ளே இருப்பது. JPEG-ல் நிறத்தின் விவரம் குறைவு என்று சொன்னேன். சேலை சிவப்பாக இருக்கும்வரை அந்தக் குறை கண்ணில் படாது, ஏனென்றால் வெளிச்சத்தின் விவரம் முழுதாக இருக்கிறது. Hue-வைச் சுழற்றும்போது நிறத்தில் இருந்த கட்டம் கட்டமான மேடு பள்ளங்கள் வெளிச்சத்தின் மேடு பள்ளங்களாக மாறிவிடுகின்றன. 200 சதவீதத்தில் பார்த்தால் நிழல் பகுதியில் சின்னச் சின்னச் சதுரங்கள் தெரியும். அப்படித் தெரிந்தால் இந்த வழி அந்தப் படத்துக்கு ஆகாது. நுணுக்கமாக மங்கலாக்கி மறைக்கப் பார்த்தால் நெசவும் சேர்ந்து போய்விடும்.

ஆனாலும் இந்த வழியை நான் விட்டுவிடாமல் வைத்திருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று நெய்த பட்டு, மயில்கழுத்து போன்றவை, மடிப்புக்கு மடிப்பு வேறு நிறம் காட்டும். Hue அந்த இரண்டு நிறத்தையும் அவற்றுக்கு இடையே உள்ள தூரம் மாறாமல் சேர்த்தே சுழற்றும். அந்த உயிரோட்டம் அப்படியே இருக்கும். அடுத்து சொல்லப்போகும் வழி இரண்டையும் ஒரே நிறமாகத் தட்டையாக்கிவிடும். எனவே இரட்டை நிறப் பட்டு என்றால் Hue-தான், மறுபேச்சு இல்லை.

இரண்டாவது வழி: வெளிச்சத்தைத் தனியே, நிறத்தைத் தனியே

ஒற்றை நிறத்து அரக்குப் பட்டுக்கு நான் நம்புவது இதைத்தான். இதன் எளிய வடிவம், சேலையின் மேல் கடல் நிறத்தில் ஒரு Solid Color லேயரைப் போட்டு அதன் முறையை Color ஆக்குவது. Color முறை கீழே உள்ள படத்திலிருந்து வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நிறத்தை மேலிருந்து வாங்கிக்கொள்ளும். மடிப்பு, நிழல், நெசவு எதுவும் கெடாது, சதுரங்களும் வராது. ஆனால் வெளிச்சம் 58-லேயே நிற்பதால், கொடுத்த கடல் நிறம் அந்த இருட்டுக்குள் அமுங்கி 0, 83, 83 என்றாகிவிடும். கார்டில் இருக்கும் நிறம் கரையோரத்துக் கடல் என்றால் சேலையில் வந்தது ஆழ்கடல். இதைப் பார்த்துத்தான் பலர் "சரியா வரலை" என்று Saturation-ஐ ஏற்றி ஏற்றிக் கெடுக்கிறார்கள். குறை வெளிச்சத்தில் இருக்கிறது, அதை நிறத்தில் தேடக் கூடாது.

எனவே நடுவில் இரண்டு லேயர் சேர வேண்டும். முதலில் Black & White லேயர் போட்டு, துணிமாஸ்க்குக்குள் சேலையைச் சாம்பலாக்கிக்கொள்ளுங்கள். அதன் மேல் Curves லேயர். அதற்கும் மேல் Color முறையில் கடல் நிறம். சேலை சாம்பலாகிவிட்டதால் Curves-ல் நகர்த்தும் ஒவ்வொரு புள்ளியும் வெளிச்சத்தை மட்டும்தான் தொடும். நடுத்தரமான பகுதியின் எண் 115-க்குப் பக்கத்தில் வரும்வரை வளைவின் நடுவைத் தூக்குங்கள். Info பலகம் அந்த எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும். இருண்ட மடிப்புகளை அதே விகிதத்தில் தூக்காதீர்கள். 20-ல் இருப்பது 30-ஐத் தாண்ட வேண்டாம். இருட்டில்தான் கேமராவின் புள்ளிப்புள்ளியான இரைச்சல் ஒளிந்திருக்கும், தூக்கினால் அதுவும் கூடவே வரும். வெளிறிய முகடுகளும் 200-க்கு மேல் போகாமல் வளைவின் மேல்முனையை இழுத்துப் பிடியுங்கள். அதுதான் Hue வழியில் வந்த அந்தப் பளீரைத் தடுக்கும்.

எல்லா முகட்டிலும் ஒரே நீலம் இருந்தால் பட்டு பருத்திபோலத் தெரியும். உண்மையான பட்டில் முகட்டின் நிறம் சற்று வெளிறியிருக்கும். Color லேயரின் Blend If-ல் கீழ் லேயருக்கான வெள்ளை முனையைப் பிரித்து உள்ளே இழுத்தால் முகடுகளில் நிறம் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். அங்கே கீழே இருக்கும் சாம்பல் எட்டிப்பார்க்கும், பட்டின் மினுக்கு திரும்ப வரும்.

இதே வேலையைச் செலவில்லாமல் செய்ய நினைப்பவர்கள் பிரவுசரிலேயே திறக்கும் போட்டோபீயைப் பயன்படுத்தலாம். பெயர்கள் பெரும்பாலும் இவைதான். ஜிம்ப்பில் செய்தால் லேயர் முறைகளில் LCh Color என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இந்த வழி தோற்கும் இடமும் ஒன்று உண்டு. அரக்கைவிட்டு நல்ல பளிச்சென்ற சிவப்புப் பட்டாக இருந்தால், பல கேமராக்களில் சிவப்பு அளவு முகடு முழுதும் 255-ல் போய் முட்டி நின்றிருக்கும். Channels பலகத்தில் Red-ஐ மட்டும் திறந்து பாருங்கள். மடிப்புகள் இல்லாமல் ஒரே வெள்ளைத் திட்டாகத் தெரிந்தால் அங்கே விவரம் போய்விட்டது. அப்படியானால் Green-ஐத் திறந்து பாருங்கள், முகட்டின் மடிப்பு அதில் இன்னும் இருக்கும். Black & White-க்குப் பதிலாக Channel Mixer போட்டு, Monochrome-ஐ டிக் செய்து, பச்சையின் பங்கைக் கூட்டிச் சிவப்பின் பங்கைக் குறைத்தால் மடிப்பு மீண்டு வரும். இரண்டிலும் இல்லையென்றால் வேறு படம் கேட்பதுதான் வழி.

சரிகையைத் தொடாதீர்கள்

எந்த வழியை எடுத்தாலும் சரிகை பொன்னாகவே இருக்க வேண்டும். சரிகையின் 200, 160, 80 என்ற எண் நிறச் சக்கரத்தில் 40 டிகிரி. Hue-வை -170 சுழற்றினால் அது 230-க்குப் போய் ஊதாவை ஒட்டிய நீலமாகும். ஊதாச் சரிகையைப் பார்த்த அடுத்த நொடியே வீட்டுப் பெண்கள் இது பொய் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

Hue வழியில் இதற்கு ஓர் எளிய பாதுகாப்பு உண்டு. Master என்று இருப்பதை Reds ஆக்கினால் 345 முதல் 15 டிகிரி வரை முழுதாகவும், அதிலிருந்து 45 வரை தேய்ந்து தேய்ந்தும் வேலை செய்யும். அந்த 45-ஐ 30-க்கு இழுத்துவிட்டால் 40-ல் இருக்கும் பொன் தப்பிக்கும். ஆனால் தோலின் நிறம் பெரும்பாலும் 15-க்கும் 30-க்கும் நடுவே இருக்கிறது. மருதாணியும் குங்குமமும் உதட்டுச் சாயமும் மாலையின் ரோஜாவும் சிவப்பின் எல்லைக்குள்தான். Reds இருக்கிறதே என்று துணிமாஸ்க் இல்லாமல் செய்தால் மணப்பெண்ணின் உள்ளங்கை நீலமாகும்.

இரண்டாவது வழியில் சரிகையைத் துணிமாஸ்க்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். அகலமான பார்டருக்கும் முந்திக்கும் பென் டூலாலேயே கோடு போட்டுவிடலாம். கோர்வைப் பட்டில் உடலும் பார்டரும் வேறு வேறு நிறத்தில் நெய்து கோக்கப்பட்டவை என்பதால், உடலை மட்டும் மாற்றிப் பார்டரை அப்படியே விட்டால் இயல்பாகவே இருக்கும். உடல் முழுதும் சின்னச் சின்னப் புட்டா இருந்தால்தான் கஷ்டம். Select மெனுவின் Color Range-ல் பொன்னைத் தொட்டு எடுத்து மாஸ்க்கிலிருந்து கழித்தால் புட்டாவின் நடு தப்பிக்கும், ஓரத்தில் சிவப்பும் பொன்னும் கலந்த துருநிற வளையம் நிற்கும். கழிக்கும் முன் அந்தத் தேர்வை ஒரு புள்ளி சுருக்கிவிடுங்கள். வளையம் கடல் நிறத்துக்குள் போய்விடும், புட்டா இம்மியளவு சிறியதாகும். அதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

மாப்பிள்ளையின் வெள்ளை

வெள்ளைக்கு நிறமே இல்லை என்பதால் Hue-வை எவ்வளவு சுழற்றினாலும் ஒன்றும் நடக்காது. வெள்ளைச் சட்டையை முத்துநிறமாகவோ வெளிர் கடல் நிறமாகவோ ஆக்க Multiply முறையில் ஒரு Solid Color போதும். வெளிர் நிறங்களுக்கு இதைவிடச் சுத்தமான வழி இல்லை. நிழலும் மடிப்பும் தாமாகவே நிறத்தை வாங்கிக்கொள்ளும்.

சட்டையை அடர்நீலமாக்கச் சொன்னால் கதை மாறும். வெள்ளைச் சட்டையின் மடிப்புகளெல்லாம் 190-க்கும் 250-க்கும் நடுவேதான் இருக்கும். அதன்மேல் நீலம் 80 என்ற அடர்நிறத்தைப் பெருக்கினால் அந்த வித்தியாசம் 60-க்கும் 78-க்கும் நடுவே சுருங்கிவிடும். காலரும் பாக்கெட்டும் பட்டன் பட்டையும் காணாமல் போய், வெட்டி ஒட்டிய தாள் போல ஆகும். Multiply-க்குக் கீழே ஒரு Curves போட்டு 190-ஐ 90-க்கு இறக்கி, 250-ஐ அசையாமல் பிடித்தால் மடிப்பு 28-லிருந்து 78 வரை விரியும். சட்டை மீண்டும் துணியாகும்.

உப்பளப் பக்கம் வெயிலில் எடுத்த படங்களில் இதுகூட உதவாமல் போகலாம். உப்பின் வெண்மை கீழிருந்தும் வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால் வேட்டி பல இடங்களில் 255-ஐத் தொட்டு வெளிறிவிடும். அங்கே மடிப்பே பதிவாகவில்லை. மவுஸை வேட்டியின் மேல் நகர்த்தும்போது Info பலகம் 255, 255, 255 என்றே காட்டிக்கொண்டிருந்தால், அந்த வேட்டியை வெள்ளையாகவே விட்டுவிடுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வழக்கமான நான்கு மை அச்சில் வெள்ளைக்கு மை இல்லை. கார்டு முத்து வெண்மையாகவோ சந்தன நிறமாகவோ இருந்தால் மை படாத வேட்டியும் அந்தக் காகிதத்தின் நிறத்தையே எடுத்துக்கொள்ளும். பல நேரம் நாம் எதுவும் செய்யாமலேயே வேட்டி தீமுக்குப் பொருந்திவிடும்.

பக்கத்தில் நிற்பவர்மேல் விழுந்த சிவப்பு

சேலை அருமையாக மாறியிருக்கும், மாஸ்க் சுத்தமாக இருக்கும், ஆனாலும் பார்ப்பவருக்கு எங்கோ இடிக்கும். தேடிப் பார்த்தால் மாப்பிள்ளையின் சட்டைக் கையில், பெண்ணுக்கு நெருக்கமாக இருக்கும் பக்கத்தில், ஒரு இளஞ்சிவப்பு நிழல் இருக்கும். அது சேலையில் பட்டுத் திரும்பிய வெளிச்சம். பெண்ணின் தாடைக்கு அடியிலும் முன்கையின் உட்புறத்திலும் அதே செம்மை இருக்கும். நீலச் சேலை சிவப்பு வெளிச்சத்தை அடிக்காது என்று கண்ணுக்குத் தெரியும், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும்.

சட்டையில் அதைச் சரிசெய்வது எளிது. ஒரு Hue/Saturation லேயரில் Reds-ஐயும் Magentas-ஐயும் எடுத்து Saturation-ஐ -60 வரை இறக்கி, அந்த இடத்தில் மட்டும் மாஸ்க்கைத் திறந்துவிட்டால் போதும். விரும்பினால் Color முறையில் கடல் நிறத்தை 8, 10 சதவீத அளவில் மென்மையான பிரஷ்ஷால் தடவலாம். தோலில் அப்படிச் செய்யாதீர்கள். தோலில் நீலம் ஏறினால் முகம் நோய்ப்பட்டதுபோல ஆகும். தாடைக்கு அடியில் செம்மையை -15 அளவுக்குக் குறைத்து நிறுத்திக்கொள்வதே நல்லது.

மூன்றாவது வழி: கார்டை நகர்த்துவது

இதைத்தான் வீட்டாரிடம் முதலிலேயே கேட்டுவிட வேண்டும் என்று நினைக்கிறேன். அவர்களுக்குத் தேவை கார்டும் படமும் ஒத்துப்போவது. சேலை கார்டை நோக்கி வர முடியும் என்றால் கார்டும் சேலையை நோக்கி வரலாம்.

இரண்டாவது வழியின் எளிய வடிவத்தில் சேலை 0, 83, 83 என்ற ஆழ்கடல் நிறமானது நினைவிருக்கும். வெளிச்சத்தைத் தொடவே இல்லை என்பதால் அதுதான் எல்லாவற்றிலும் சுத்தமான படம். கார்டின் எழுத்தையும் ஓரத்தையும் அந்த ஆழ்ந்த நிறத்துக்கு இறக்கிவிட்டால் Curves வேண்டாம், இரைச்சல் இல்லை, பளீர் இல்லை. தீம் கடலாகவே இருக்கும். முத்து வெண்மையின் மேல் அடர்ந்த எழுத்து படிக்கவும் நன்றாக இருக்கும்.

அதையும் தாண்டி, சேலையை அரக்காகவே விட்டு எழுத்தை அரக்காக்கி, கடலை ஓரத்துக் கோலத்தில் மட்டும் வைப்பதும் உண்டு. நிச்சயப் பட்டைப் பெண்ணின் தாய்மாமனோ மாப்பிள்ளை வீட்டாரோ எடுத்துக் கொடுத்திருந்தால் நான் இதைத்தான் வற்புறுத்துவேன். அந்தச் சேலையின் நிறம் கொடுத்தவருக்குத் தெரியும், சபையில் பார்த்தவர்களுக்கும் தெரியும். பத்திரிகையில் அது நீலமாக வந்தால் "நாங்க எடுத்துக் குடுத்ததைக் கட்டலையோ" என்று ஒரு வார்த்தை வரும். நிறம் மாற்றுவதாக இருந்தால் கொடுத்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடச் சொல்லுங்கள். அவருக்குச் சம்மதம் என்றால் தாராளமாகச் செய்யலாம். படப்பிடிப்புக்கென்றே வாடகைக்கு எடுத்த உடையாக இருந்தால் இந்த யோசனையே தேவையில்லை.

அச்சுக்குப் போகும் முன்

கார்டில் ஐந்துக்கு ஏழு அங்குலத்துக்குப் படம் வரும் என்றால், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 1500-க்கு 2100 புள்ளி வேண்டும். அதைவிடச் சிறிய படத்தைப் பெரிதாக்கி நிறம் மாற்றினால் விளிம்பின் குறைகளும் பெரிதாகும். நிறம் மாற்றும் வேலையை மூல அளவிலேயே முடித்துவிட்டுக் கடைசியில் சுருக்குவதுதான் சரி.

பச்சை கலந்த கடல் நீலம் திரையில் ஒளிரும் அளவுக்கு அச்சு மையில் ஒளிராது. நான்கு மை சேர்ந்து எட்டக்கூடிய எல்லைக்கு வெளியே அதன் பளிச்சென்ற சாயல்கள் இருக்கின்றன. சிவகாசிக்கு அனுப்பி ஆப்செட்டில் போட்டாலும் இதே நிலைதான். View மெனுவில் Proof Colors-ஐ, அதாவது Ctrl+Y-ஐ அழுத்தினால் மையில் ஏறக்குறைய எப்படி வரும் என்று திரையே காட்டும். அச்சகத்தார் தங்கள் காகிதத்துக்கான புரொபைல் கொடுத்தால் அதை Proof Setup-ல் ஏற்றிக்கொண்டு பார்ப்பது இன்னும் நம்பகமானது. Shift+Ctrl+Y எட்ட முடியாத இடங்களைச் சாம்பலாக்கிக் காட்டும். சேலையின் முகடுகள் மட்டும் சாம்பலானால் கவலை வேண்டாம். சேலை முழுதும் சாம்பலானால் நிறத்தை ஒரு படி அடக்குங்கள். கார்டின் எழுத்துக்கும் அதே அடக்கிய எண்ணையே கொடுங்கள். இல்லையென்றால் இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த இரண்டு நிறமும் அச்சில் மறுபடி பிரிந்துவிடும்.

முத்துப் பளபளப்புள்ள அட்டையில் போடுவதாக இருந்தால், அதே அட்டையில் ஒரு மாதிரி அச்சு கேட்டு வாங்கிப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அந்த அட்டையில் நிழல்கள் ஒரு படி ஆழமாக இறங்கினால், பெண்ணின் கொசுவமும் மாப்பிள்ளையின் சட்டைக் கையும் சேரும் இடம் முதலில் மூழ்கும். அங்கே மடிப்பு பிரிந்து தெரிகிறதா என்று பார்த்து, தெரியவில்லையென்றால் சேலையின் Curves-ல் 30-ஐ 38 ஆக்கி மறுபடி ஒரு மாதிரி எடுத்துவிட்டு, அதன் பிறகே முழு எண்ணிக்கைக்கும் ஆர்டர் சொல்லுங்கள்.